கிளம்பும்போது 70 நிமிடம், சேரும்போது 10 மணி நேரம்: கனெக்டிங் ஃப்ளைட்டில் எந்தத் தாமதத்துக்கு இழப்பீடு?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார், லாரி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இன்ஜினீயர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. டிரெய்னிங், புதிய மெஷினைச் சரிபார்ப்பது, தலைமை அலுவலக மீட்டிங் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக வருடம் முழுக்க யாராவது ஒருவர் ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ போய்க்கொண்டுதான் இருப்பார். சென்னை விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால், போகிற ஊருக்கு இங்கிருந்து நேரடி விமானம் இருப்பது அபூர்வம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் விமானம் ஒரு மணி நேரம் லேட். அதனால் இரண்டாவது விமானம் போய்விட்டது. வீடு வந்து சேரும்போது அரை நாள் காலி. "கிளம்பும்போது ஒரு மணி நேரம்தானே லேட், அதுக்கெல்லாம் இழப்பீடு கிடைக்காதுங்க" என்று கவுன்ட்டரில் சொன்னதை நம்பி, பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் பயணமாக இருந்தால், அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது விமானம் எவ்வளவு லேட்டாகக் கிளம்பியது என்பதை அல்ல. டிக்கெட்டில் உள்ள கடைசி ஊருக்குப் பயணி எவ்வளவு லேட்டாகப் போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான். இந்த வித்தியாசம் தெரிந்தவருக்கு 600 யூரோ வரை கிடைக்கலாம்.

ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரகடத்தில் வேலை செய்யும் ஓர் இன்ஜினீயர், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னை திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விமானங்களும் ஒரே புக்கிங்கில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் உள்ளன. இது விளக்கத்துக்காகச் சொல்லும் உதாரணம் மட்டுமே.

ஸ்டுட்கார்ட்டில் காலை 7:30-க்குக் கிளம்ப வேண்டிய விமானம், தொழில்நுட்பக் கோளாறால் 8:40-க்குக் கிளம்புகிறது. தாமதம் 70 நிமிடம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி அவர் ஓடிப் போவதற்குள், 10 மணிக்குக் கிளம்பும் சென்னை விமானத்தின் கேட் மூடப்பட்டுவிடுகிறது. அந்த விமானம் இரவு 10:45-க்குச் சென்னை வந்திருக்க வேண்டும். ஏர்லைன் அவரை வேறொரு நகரம் வழியாக அனுப்பிவைக்கிறது. சென்னையில் அவருடைய விமானத்தின் கதவு திறக்கும்போது மறுநாள் காலை மணி 9.

இப்போது அவர் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. கிளம்பியபோது 70 நிமிடம். சேர்ந்தபோது 10 மணி 15 நிமிடம். சட்டம் பார்ப்பது இரண்டாவது எண்ணை. 3 மணி நேரத்தைத் தாண்டியதால் இழப்பீட்டுக்கு அவர் தகுதி பெறுகிறார். அடுத்து, தொகை எவ்வளவு என்பதைத் தூரம் முடிவு செய்யும்.

தூரத்தை அளப்பதிலும் கடைசி ஊர்தான் முக்கியம். லேட்டான ஸ்டுட்கார்ட்–ஃபிராங்க்ஃபர்ட் விமானத்தின் தூரத்தை எடுப்பதில்லை. முதல் ஊரான ஸ்டுட்கார்ட்டிலிருந்து கடைசி ஊரான சென்னை வரை நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். அது 7,000 கிலோமீட்டருக்கு மேல். 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்குத் தொகை 600 யூரோ. டிக்கெட் விலைக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை.

இதே கதையைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் விதி இன்னும் தெளிவாகும். முதல் விமானம் இரண்டு மணி நேரம் லேட், ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் விமானமும் அன்று தாமதமானதால் அவர் அதைப் பிடித்துவிட்டார், சென்னைக்கு இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார் என்றால் இழப்பீடு இல்லை. சென்னைக்கு மூன்றரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் பாதித் தொகை, அதாவது 300 யூரோ. 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தில் சேரும் தாமதம் 4 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஏர்லைன் தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த விதி எப்படி வந்தது?

2004-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் ஒழுங்குமுறையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். விமானம் ரத்தானால் இழப்பீடு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. விமானம் தாமதமானால் இழப்பீடு உண்டு என்று எங்கும் எழுதவில்லை. தாமதத்துக்குச் சாப்பாடு, ஹோட்டல் போன்ற வசதிகளை மட்டுமே அது சொல்கிறது. அந்த வசதிகளும் கிளம்பும் தாமதத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

இழப்பீட்டைக் கொண்டுவந்தது நீதிமன்றம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2009 நவம்பர் 19 அன்று ஒரு தீர்ப்பளித்தது. விமானம் ரத்தாகி, வேறு விமானத்தில் அனுப்பப்பட்டு, சில மணி நேரம் லேட்டாகச் சேருபவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. விமானம் ரத்தாகாமலேயே அதே அளவு லேட்டாகச் சேருபவருக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது? இருவரும் இழந்தது ஒன்றுதான்: நேரம். இந்த வாதத்தை ஏற்று, 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம்.

இழப்பு என்பது நேரம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மற்றதெல்லாம் தானாக வருகிறது. பயணி நேரத்தை இழப்பது ஓடுபாதையில் அல்ல. போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேராமல் இருப்பதில். அதனால் கணக்கும் அங்கேதான் முடிக்கப்பட வேண்டும்.

கனெக்டிங் ஃப்ளைட்டுக்கு இந்தக் கேள்வி நேரடியாக வந்தது, சி-11/11 என்ற எண்ணுள்ள வழக்கில். ஜெர்மனியின் பிரேமனிலிருந்து பாரிஸ், பிரேசிலின் சாவ் பாவ்லோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோன் போக வேண்டிய பயணி அவர். 2006 மே மாதம் பிரேமனில் விமானம் கிளம்பவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் தாமதம். பாரிஸில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். அதனால் சாவ் பாவ்லோவில் அதற்கடுத்ததும் போனது. அசுன்சியோனுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது 11 மணி நேரம் தாமதமாகியிருந்தது.

ஏர் பிரான்ஸ் நிறுவனம் சொன்ன வாதம், இன்று கவுன்ட்டர்களில் கேட்கும் அதே பதில்தான். கிளம்பும்போது இருந்த தாமதம் ஒழுங்குமுறை சொல்லும் வரம்பைத் தொடவில்லை, எனவே இழப்பீடு இல்லை என்றது. நீதிமன்றம் 2013 பிப்ரவரி 26 அன்று இதை நிராகரித்தது. வரம்பைவிடக் குறைவான தாமதத்துடன் கிளம்பியிருந்தாலும், கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. கிளம்பும் தாமதம் அதற்கு ஒரு நிபந்தனையே அல்ல என்று தீர்ப்பளித்தது.

'சேர்ந்த நேரம்' என்பது எந்த நொடி?

எல்லாமே சேரும் நேரத்தைப் பொறுத்தது என்றானதும், அடுத்த சண்டை அந்த நேரத்தைப் பற்றியே வந்தது. சக்கரம் தரையைத் தொடும் நேரமா, விமானம் நிற்கும் நேரமா, பயணி வெளியே வரும் நேரமா?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்–பான் விமான நிலையத்துக்குப் போன ஜெர்மன்விங்ஸ் விமானம் மதியம் 2:40-க்குச் சேர்ந்திருக்க வேண்டும். அது தரையைத் தொட்டது மாலை 5:38. நிறுத்தும் இடத்துக்கு வந்தது 5:43. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. சக்கரம் தொட்ட நேரத்தை வைத்தால் தாமதம் 2 மணி 58 நிமிடம், இழப்பீடு இல்லை. கதவை வைத்தால் 3 மணி நேரத்துக்கு மேல், இழப்பீடு உண்டு.

2014 செப்டம்பர் 4 அன்று நீதிமன்றம் கதவின் பக்கம் நின்றது. விமானத்தின் கதவுகளில் ஒன்றாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வரும் நேரமே சேர்ந்த நேரம். அதுவரை பயணி அடைபட்ட இடத்தில் இருக்கிறார். தன் வேலையை அவரால் பார்க்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

எனவே, தாமதம் 3 மணி நேரத்தை ஒட்டி வருகிறது என்று தெரிந்தால், சென்னையில் கதவு திறக்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்த நேரத்தில் எடுத்த ஒரு ஃபோட்டோ, வீட்டுக்கு அனுப்பிய "இறங்கிட்டேன்" மெசேஜ்கூட உதவும். ஃப்ளைட் டிராக்கிங் ஆப் காட்டும் தரையிறங்கிய நேரத்தை மட்டும் நம்பி, கிடைக்காது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே புக்கிங் என்ற முடிச்சு

இவ்வளவும் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. பயணத்தின் எல்லா விமானங்களும் ஒரே புக்கிங்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் அது ஒரே பயணம்.

ஒரே ஏர்லைனாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிராகாவிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போனவர்களின் வழக்கு ஒன்று. முதல் விமானத்தை இயக்கியது செக் ஏர்லைன்ஸ். அது சரியான நேரத்துக்கு அபுதாபி போய்விட்டது. இரண்டாவது விமானத்தை இயக்கியது எதிஹாட். அது பாங்காக்கை அடைந்தபோது 488 நிமிடம் தாமதம். "எங்கள் பங்கில் ஒரு நிமிடம்கூட லேட் இல்லையே" என்றது செக் ஏர்லைன்ஸ். 2019 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே புக்கிங் என்பதால், முதல் விமானத்தை இயக்கிய நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். பிறகு வேண்டுமானால் அது எதிஹாட்டிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

கிளம்பும் தாமதம் பூஜ்யமாக இருந்தாலும் இழப்பீடு கிடைக்கலாம் என்பதற்கு இதுதான் நல்ல சான்று. ஐரோப்பாவிலிருந்து வளைகுடா நாடு வழியாகச் சென்னை வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் சரியான நேரத்துக்குக் கிளம்பி, துபாயில் இரண்டாவது விமானம் தாமதமானாலும், பயணம் ஐரோப்பாவில் தொடங்கியது என்பதால் ஐரோப்பியச் சட்டம் சென்னை வரை கூடவே வருகிறது.

ஆனால், புக்கிங் இரண்டாகப் பிரிந்திருந்தால் எல்லாம் தலைகீழ். மேலே பார்த்த இன்ஜினீயர், ஸ்டுட்கார்ட்–ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு டிக்கெட்டும், ஃபிராங்க்ஃபர்ட்–சென்னைக்குத் தனியாக இன்னொரு டிக்கெட்டும் எடுத்திருந்தால், முதல் விமானத்தின் கடைசி ஊர் ஃபிராங்க்ஃபர்ட். அங்கே 70 நிமிடம் மட்டுமே தாமதம், இழப்பீடு இல்லை. இரண்டாவது ஏர்லைனைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வராத பயணி. அந்த டிக்கெட்டும் போய், புதிய டிக்கெட்டுக்கும் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும்.

கம்பெனியின் டிராவல் டெஸ்க் டிக்கெட் போடும்போது, விலை குறைவு என்று இப்படிப் பிரித்து வாங்குவது நடக்கக்கூடிய ஒன்று. டிக்கெட் வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எல்லா விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணின் கீழ் இருக்கின்றனவா? முதல் விமான நிலையத்தில் கொடுக்கும் பெட்டியைச் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அது பெரும்பாலும் ஒரே புக்கிங்குக்கான அடையாளம். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்றால், டிராவல் டெஸ்க்கிடம் கேட்டுவிடுவது நல்லது.

எந்தப் பயணத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்தப் பயணத்துக்கும், எந்த நாட்டு ஏர்லைனாக இருந்தாலும், இந்தச் சட்டம் பொருந்தும். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது அப்படியல்ல. விமானத்தை இயக்குவது ஐரோப்பிய ஏர்லைனாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போய், அதே புக்கிங்கில் ஸ்டுட்கார்ட் போனால் பொருந்தும். எமிரேட்ஸில் துபாய் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் போனால் பொருந்தாது. அதே எமிரேட்ஸில் திரும்பி வந்தால் பொருந்தும். போவதும் வருவதும் இரண்டு தனிப் பயணங்களாகவே பார்க்கப்படுகின்றன.

பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அமெரிக்காவின் டெட்ராய்ட் போகிறவர், ஐரோப்பிய ஏர்லைனில் ஐரோப்பா வழியாகத்தானே போகிறோம் என்று நினைக்கலாம். ஆனால், பயணம் தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து, நடுவில் விமானம் மாறுவது மட்டும் ஐரோப்பாவில் என்றால், ஒரே புக்கிங்காக இருக்கும்பட்சத்தில் சட்டம் பொருந்தாது. மோல்டோவாவிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போன பயணம் ஒன்றில் 2022-ல் நீதிமன்றம் இப்படிச் சொன்னது. ஒரே பயணம் என்ற விதி பயணிக்குச் சாதகமாக மட்டும் அல்ல, எதிராகவும் வேலை செய்யும்.

சென்னையிலிருந்து சியோல் போய் வருபவர்களுக்கு ஐரோப்பியச் சட்டத்தால் பயன் இல்லை. அவர்களுக்கு உள்ளது இந்திய விதிகளும் சர்வதேச ஒப்பந்தமும்.

இந்தியாவில் கடிகாரம் வேறு இடத்தில் ஓடுகிறது

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதிகள், தாமதத்தைப் பெரும்பாலும் கிளம்பும் இடத்தில்தான் பார்க்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்துக்கு மேல் என்றாலும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஹோட்டல். வெறும் தாமதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற நிர்ணயித்த தொகை அதில் இல்லை.

ஆனால், விமானம் ரத்தாகி, ஏர்லைன் முறையாக முன்கூட்டியே சொல்லாமல், அதே டிக்கெட் எண்ணில் உள்ள அடுத்த விமானமும் தவறிப்போனால் நிலைமை வேறு. அப்போது விமான நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீட்டுக்கு டிஜிசிஏ விதி இடம் தருகிறது. இங்கேயும் 'அதே டிக்கெட்' என்ற முடிச்சு இருப்பதைக் கவனிக்கலாம்.

சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஏர்லைன் பொறுப்பு என்று அது சொல்கிறது. ஐரோப்பியச் சட்டத்தோடு ஒரு பெரிய வித்தியாசம்: இதில் நிர்ணயித்த தொகை கிடையாது. ஹோட்டல் பில், டாக்ஸி பில், மறுபடி எடுத்த டிக்கெட் என்று நஷ்டத்தைக் காட்ட வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்ததாக ஏர்லைன் நிரூபித்தால் தப்பிக்கலாம். வழக்குப் போட, சேர்ந்த நாளிலிருந்து அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

சேரும் தாமதத்துக்கு இந்திய நீதிமன்றங்கள் மதிப்புத் தருவதே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. 2016 ஜூன் 11 அன்று ஒரு குடும்பம், அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸில் ஜம்மு போய், அங்கிருந்து மதியம் 12 மணிக்கு ஸ்ரீநகர் விமானம் பிடிக்கத் திட்டமிட்டிருந்தது. காலை 8:10-க்கு வர வேண்டிய ரயில் 12 மணிக்கு வந்தது. விமானம் போய்விட்டது, டாக்ஸியில் ஸ்ரீநகர் போனார்கள். ரயில் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் தனித்தனி. ஆனாலும், 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் கிடைத்த இழப்பீட்டை உறுதி செய்தது. டாக்ஸிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய். தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. நுகர்வோர் வழக்கில், சேர்ந்த இடத்தில் ஏற்பட்ட நஷ்டத்தைக் காட்டிக் கேட்க வழி இருக்கிறது என்பதற்கு இது உதாரணம்.

ஏர்லைன் எப்போது மறுக்கலாம்?

சேரும் தாமதம் 3 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பணம் உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். அசாதாரணச் சூழ்நிலை என்ற விதிவிலக்கு ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது. கடும் பனிமூட்டம், விமான நிலையம் மூடல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களின் வேலைநிறுத்தம் போன்றவை இதில் வரும். விமானத்தின் வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு வராது. ஏர்லைனின் சொந்த ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு நடத்தும் வேலைநிறுத்தமும் வராது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எப்படி இருந்தாலும் நிரூபிக்க வேண்டியது ஏர்லைன்தான். "ஆபரேஷனல் ரீசன்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்கலாம்.

அதேபோல, போதிய நேரம் இருந்தும் கடையில் நின்று விமானத்தைத் தவறவிட்டால், அந்தத் தாமதம் பயணியின் கணக்கில்தான் சேரும்.

கேட்பது எப்படி?

முதலில் ஏர்லைன் இணையதளத்தில் உள்ள இழப்பீட்டுப் படிவம். எழுதும்போது "ஸ்டுட்கார்ட் விமானம் 70 நிமிடம் லேட்" என்று தொடங்கினால், அதையே காரணம் காட்டி மறுத்துவிட வாய்ப்பு உண்டு. "ஸ்டுட்கார்ட்–ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை, ஒரே புக்கிங், சென்னைக்குச் சேர வேண்டிய நேரம் இது, கதவு திறந்த நேரம் இது, தாமதம் 10 மணி 15 நிமிடம்" என்று எழுதுவதே சரி. முதலில் எடுத்த டிக்கெட், எல்லா போர்டிங் பாஸ்களும், மாற்றி அனுப்பியதற்கான மெயில் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மாற்று விமானம் கொடுத்ததும் பழைய போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். எப்போது சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நடுவழியில் வவுச்சர் நீட்டினால், அது இழப்பீட்டுக்குப் பதிலா அல்லது சாப்பாட்டுக்கு மட்டுமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாப்பாடும் ஹோட்டலும் தனி உரிமை. அவற்றை வாங்கிக்கொண்டதால் 600 யூரோ போய்விடாது.

கால அவகாசம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில், பயணம் நடந்த வருடம் முடிந்ததிலிருந்து 3 ஆண்டுகள். எனவே, போன வருடத்துப் பயணம் என்றாலும் பழைய மெயில்களைத் தேடிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. இந்தியச் சட்டப்படி செல்வது என்றால், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.

கம்பெனி டிக்கெட் என்பதால் பணம் கம்பெனிக்குப் போகுமா என்ற கேள்வி வரும். ஐரோப்பியச் சட்டம் இழப்பீட்டைப் பயணிக்குத்தான் தருகிறது; டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு அல்ல. ஆனால், கம்பெனியின் பயண விதிகளில் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த 3 மணி நேர வரம்பு மாறவும் கூடும். 2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள், குறைந்த தூரப் பயணங்களுக்கு 4 மணி நேரம், நீண்ட தூரப் பயணங்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பை உயர்த்தும் திட்டத்துக்கு உடன்பட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 3 மணி நேரமே நீடிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றது. எனவே, விண்ணப்பிக்கும் முன், பயண நாளில் எந்த வரம்பு நடைமுறையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த 4 மணியும் 6 மணியும்கூடச் சேரும் இடத்தில்தான் எண்ணப்படும்.